நான்கு நிமிடமும் மூன்றில் ஒரு நொடியும்

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த சண்டையின்போது புதுச்சேரி கதிர்காமத்து டீக்கடைகளில்கூட எஸ்-400 என்ற பெயர் அடிபட்டது. வானில் எது வந்தாலும் வீழ்த்திவிடும் கவசம் நமக்கு இருப்பதாகப் பலரும் நம்பினார்கள். டிரோனையும் விமானத்தையும் தடுப்பது ஒரு வேலை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. அதில் இந்தியா எங்கே நிற்கிறது என்று பார்க்க, இதே வங்கக் கடலோரம் ஒடிசாவில் 2024 ஜூலை 24 அன்று நடந்த சோதனையை எடுத்துக்கொள்வோம்.

மாலை 4.20க்குத் தாம்ராவிலிருந்து, எதிரியின் ஏவுகணையாக நடிக்க ஓர் ஏவுகணை கிளம்பியது. 4.24க்குச் சந்திப்பூரிலிருந்து தடுப்பு ஏவுகணை எழுந்தது. இலக்கு வீழ்ந்தது என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அந்த நான்கு நிமிடத்துக்குள்தான் கண்டு கணிக்கும் வேலையெல்லாம் இருக்கிறது.

பூமி வளைந்திருப்பதால், 1500 கி.மீ. தள்ளி இருக்கும் ரேடாரின் கண்ணில் பட ஏவுகணை சுமார் 150 கி.மீ. உயரம் ஏறியாக வேண்டும். கிளம்பும்போதே நெருப்பின் வெப்பத்தை மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள்களை அமெரிக்கா 1970 முதலே வைத்திருக்கிறது. ஒடிசா சோதனையில் கண்டுபிடித்தவை நிலத்திலும் கடலிலும் நிறுத்தியிருந்த ரேடார்கள்.

கண்டுபிடித்த பின் ஒரு சாதகம் உண்டு. எஞ்சின் அணைந்துவிட்டால் ஏவுகணை எறிந்த கல்லைப் போல ஈர்ப்புவிசைக்குக் கட்டுப்பட்டே போகும். சில நொடிகள் அதன் இடத்தையும் வேகத்தையும் அளந்தால் அடுத்து எங்கே இருக்கும் என்று கணக்கிடலாம். ரேடார் வானம் முழுவதையும் தேடாமல், கணக்கு காட்டும் சிறு பகுதியை மட்டும் பார்க்கும். அங்கே தென்பட்டால் கணக்கைத் திருத்தி மறுபடி பார்க்கும். தடுப்பு ஏவுகணையும் இலக்கைத் துரத்திப் போவதில்லை. இரண்டும் சந்திக்க வேண்டிய புள்ளிக்கு அதை முன்கூட்டியே அனுப்புகிறார்கள். வழியில் தரையிலிருந்து திருத்தங்கள் போகும். கடைசி நொடிகளில் அதன் முனையிலுள்ள உணர்கருவியே இலக்கைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு பிசகினால் என்னாகும்? 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் அமைப்பு ஒன்று நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு துளி கழிந்துபோகும். நூறு மணி நேரத்தில் அது மூன்றில் ஒரு நொடியாகச் சேர்ந்தது. நொடிக்கு ஒன்றரை கி.மீ.க்கு மேல் பாயும் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைக்கு அது அரை கிலோமீட்டருக்கும் அதிகமான பிழை. ரேடார் முதலில் அதைக் கண்டது. அடுத்துத் தவறான இடத்தில் தேடியது. அங்கே ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டது. தடுப்பு ஏவுகணை கிளம்பவே இல்லை. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். பிழை இருப்பதை இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. இடையில் கணினியை அணைத்துப் போட்டிருந்தாலே போதும்.

நம் சோதனை 5000 கி.மீ. வகை ஏவுகணைகளைத் தடுக்கும் திறனைக் காட்டியதாகச் சொல்லப்பட்டது. அந்த வகை ஏவுகணை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் இறங்கும். அது விண்வெளியில் இருக்கும்போதே அடிக்கலாம் என்றால், காற்றில்லாத அங்கே எதிரி போலியாக விடும் வெற்று பலூனும் அணுகுண்டும் ஒரே வேகத்தில் போகும். எது எது என்று பிரிப்பது கடினம். வளிமண்டலத்துக்குள் வந்தபின் இலேசானவை பின்தங்கி, போலி தானே கழன்றுவிடும். ஆனால் 100 கி.மீ. உயரத்திலிருந்து தரையைத் தொட அரை நிமிடம்தான் ஆகும். ஒடிசாவில் சோதித்தது வளிமண்டலத்துக்குள் அடிக்கும் வகை. அந்த அரை நிமிடத்தில் அது காக்கக்கூடிய பரப்பும் குறுகியது. ஆகவே நாடு முழுவதற்கும் ஒரே கவசம் என்ற பேச்சுக்கு இடமில்லை. எந்த ஊர் என்று யாரோ தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் தில்லி, மும்பை என்று 2012இல் செய்தி வந்தது.

விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கண்டு, கணித்து, அடிக்கும் சங்கிலி முழுவதும் அறுபடாமல் வேலை செய்ததே பெரிய சாதனை. சோதனை நாளுக்காகச் சந்திப்பூரைச் சுற்றியுள்ள பத்து கிராமங்களிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைப் பூட்டிவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்த நாள் ரேடார் அறையில் இருந்தவர்களுக்கும் தெரியும். போர் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் அனுப்புவதும் இல்லை.

புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். அவர்கள் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல், போலிகளோடு, ஒரே நேரத்தில் பல இலக்குகளை ஏவி இந்த அமைப்பு சோதிக்கப்பட்டதா? கல்பாக்கம் அணுமின் நிலையமும் அதற்குத் தெற்கே உள்ள நாமும் அது காக்கும் பரப்புக்குள் வருகிறோமா? இரகசியம் என்று பதில் வந்தால், அந்தப் பதிலையாவது அவைக்குறிப்பில் ஏற்றச் செய்யுங்கள்.