முழுப்படம் வேண்டாம் சார், ஒரு காட்சி போதும்!

உங்க ஸ்கூல்லயும் நடந்திருக்கும். வரலாறு பீரியடில் புரொஜெக்டரைப் போட்டு, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) ஓட விடுவாங்க. படம் மூணு மணி நேரத்துக்கும் மேல. பீரியடோ 45 நிமிஷம். நாலஞ்சு நாள் துண்டு துண்டா பார்த்து முடிச்சதும் நமக்கு மிஞ்சினது என்ன? ஜாக்சன் துரையிடம் சிவாஜி பேசுற வசனம். அதை மிமிக்ரி பண்ணத் தெரியும். பரீட்சையில் எழுதத் தெரியாது.

அதனால அந்தப் படம் வகுப்புக்கு ஆகாதுன்னு நான் சொல்லல. ‘இது உண்மைக் கதையா?’ன்னு பார்த்துப் படம் தேர்ந்தெடுப்பதுதான் தப்பு. ‘பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இதில் ஒரு காட்சி இருக்கா?’ என்பதுதான் சரியான கேள்வி. அப்படிப் பார்த்தால் இதைவிட நல்ல படம் கிடைப்பது கஷ்டம்.

அந்த ஜாக்சன் காட்சியையே எடுத்துக்குங்க. படத்தில் கட்டபொம்மன் சரிக்குச் சரி நின்று வரியே தர முடியாது என்கிறார். பாடப்புத்தகம் சொல்வது வேறு. 1798-ல் அவர் வைத்திருந்த பாக்கி 3310 பகோடா (அன்றைய பொன் நாணயம்). கலெக்டரைப் பார்க்கக் குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போயும் சந்திப்பு மறுக்கப்பட்டது. கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்தித்தார். மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டாராம். கணக்குப் பார்த்தால் பெரும்பகுதி கட்டியாச்சு. பாக்கி 1080 பகோடாதான். தப்பிக்கும்போது கோட்டை வாசலில் நடந்த மோதலில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். பிறகு கம்பெனி நடத்திய விசாரணையில் தவறு ஜாக்சன் மேல் என்று முடிவாகி, அவர் பதவியே போனது.

இப்போ யோசிங்க. வரி பாக்கியில் மூணில் ரெண்டு பங்கு கட்டிய பிறகும் அவமானப்படுத்தப்பட்ட மனிதர், ஒரு வருஷத்தில் கயத்தாறில் தூக்கில் தொங்குகிறார். வசனத்தைவிட இது நம்மை அதிகமா உலுக்கலையா?

ஆசிரியர் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அந்தக் காட்சியை மட்டும் பத்து நிமிஷம் போடணும். போடுறதுக்கு முன்னாடியே மூணு கேள்வியைப் பலகையில் எழுதணும்: சந்திப்பு எங்கே? வரி கட்டினாரா? யார் நிற்கிறார்? பார்த்து முடிச்சதும் பாடப்புத்தகத்தைத் திறந்து பசங்களே வித்தியாசத்தைக் குறிக்கணும். மிச்ச நேரத்துக்கு ஒரே விவாதம்: ஏன் மாத்தினாங்க?

இந்தப் படம் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய மேடை நாடகத்திலிருந்து வந்தது. சுதந்திரம் கிடைச்சுப் பன்னிரண்டு வருஷத்தில் வெளியானது. பணிந்து காத்திருந்த பாளையக்காரர் அன்றைய ரசிகருக்குத் தேவைப்படல. நிமிர்ந்து பேசுறவர் தேவைப்பட்டார். அப்போ படம் 1798-க்குச் சாட்சி இல்லை. 1959-க்கு நல்ல சாட்சி.

ஒரு எச்சரிக்கை. ஒப்பிடாமல் வெறும் காட்சியை மட்டும் போட்டால் வசனம்தான் ஜெயிக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. அந்த 1080 பகோடா விஷயமே காலேஜ் வந்தப்புறம் தம்பியோட புத்தகத்தைப் புரட்டினப்போதான் தெரிஞ்சுது.