டி-2 எந்த மாடி?

நம்மில் பல பேர் சாயங்காலம் பார்சல் டெலிவரிக்குப் போகிறோம், நானும்தான். தெருவைக் கண்டுபிடிப்பதைவிட அடுக்குமாடிக்குள் வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு என்பது என் கருத்து.

சென்னையில் லிஃப்ட் இல்லாத சின்ன ஃபிளாட்டுகள் பலவற்றில் தரைத்தளம் ஜி, முதல் மாடி எஃப், இரண்டாவது எஸ், மூன்றாவது டி. எல்லாம் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. ஆக, எஸ்-2 என்றால் இரண்டாவது மாடியில் இரண்டாவது வீடு.

பெரிய குடியிருப்பில் அதே எழுத்து பிளாக்கைக் குறிக்கும். மாடியை நாமேதான் கணக்குப் போடணும். பி-11 என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு நான்கு வீடு, நம்பர் தரைத்தளத்திலிருந்தே ஓடுகிறது என்றால் 1 முதல் 4 வரை கீழே, 5 முதல் 8 வரை முதல் மாடி. 11 இரண்டாவது மாடி. பக்கத்துக் குடியிருப்பிலோ 11 என்றாலே முதல் மாடி, முதல் வீடு!

தமிழில் எழுதினால் தகராறு இன்னும் கூடுது. டி-2 என்பது நான்காவது பிளாக்கா, மூன்றாவது மாடியா, இரண்டாவது டவரா? ஆங்கிலத்தில் பிளாக்குக்காவது வேறு எழுத்து. நமக்கு ஒரே 'டி'. அரிசி மூட்டையோடு மூணு மாடி ஏறி இறங்கினவனைக் கேளுங்க!

ஆகவே எழுத்தை மட்டும் போட்டு விடாதீங்க. "வீடு 11, இரண்டாவது மாடி, பி பிளாக்" என்று விரித்து எழுதுங்க. அப்புறம் குடியிருப்பின் பெயர், அதன் கதவு எண், தெரு, பின்கோடு. பார்சல் கொண்டு போகிறவர்களும் ஜி-1ஐப் பார்த்து 'கீழ்வீடுதானே' என்று சந்தோஷப்பட வேண்டாம். ஜி பிளாக்கும் இருக்கு!