ஒரு பெயர், இரண்டு எழுத்து: பாரிஸில் தடைப்படும் குடும்ப விண்ணப்பங்கள்

பாரிஸில் அகதி அந்தஸ்துக் கிடைத்த ஒருவர் மனைவி பிள்ளைகளை அழைக்க விண்ணப்பிக்கும்போது, அநேகமாகத் தடையாக வருவது பெயரின் எழுத்துத்தான். லா சப்பலில் எங்கட ஆட்களின் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் நான் இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

அண்மையில் பார்த்த ஒரு கோவையைச் சொல்கிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன். கணவர் சிவகுமார், தகப்பன் கந்தசாமி. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிரெஞ்சுப் படிவமோ அதைக் கட்டாயம் கேட்கும். அந்த இடத்தில் தகப்பன் பெயர் போய் உட்கார்ந்துவிடும். தஞ்சம் கோரியபோது Kanthasamy என்று எழுதிக் கொடுத்தார். அகதிகளுக்கான பிரெஞ்சு அலுவலகமான ஒஃப்ரா வழங்கிய பிறப்புப் பத்திரத்திலும் அதுவே பதிவானது. கிளிநொச்சியில் இருக்கும் மனைவியின் விவாகச் சான்றிதழ் தமிழில் உள்ளது. அதை மொழிபெயர்த்தவர் தன் காதுக்குப் பட்டபடி Kandasamy என்று எழுதினார். தமிழ் வாசிக்கத் தெரியாத அதிகாரிக்கு இவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

மொழிபெயர்ப்பாளர் செய்தது பிழை என்று சொல்ல முடியாது. 'ந்த' என்பதை இரண்டு விதமாகவும் எழுதலாம். ஒஃப்ரா பத்திரத்தின் பிரதியை முதலே கொடுத்திருந்தால் அந்த எழுத்தையே பின்பற்றியிருப்பார். இப்போது செய்ததும் அதுதான்: பிரதியைக் கொடுத்து மொழிபெயர்ப்பைப் புதிதாக எடுத்தோம். ஆனால் மூலச் சான்றிதழிலேயே பெயரோ திகதியோ பிழையென்றால் அவர் கைவைக்க முடியாது. அதை ஊரில், பதிவாளர் ஊடாகத்தான் திருத்த வேண்டும்.

ஒழுங்கும் முக்கியம். பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுத்து, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்தில் உறுதிப்படுத்தி, அதன் பிறகே மொழிபெயர்க்கக் கொடுங்கள். முதலில் மொழிபெயர்த்தால் பின்னர் விழும் முத்திரைகள் அதில் இராது. மொழிபெயர்ப்பாளர் மேன்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டும். பட்டியல் இணையத்திலேயே உண்டு. அவருடைய முத்திரையும் ஒரே இலக்கமும் மொழிபெயர்ப்பிலும் மூலப் பிரதியிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் கடை முத்திரையோடு காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இது ஆபத்தானது. அகதி அந்தஸ்து உள்ளவர் தன் பத்திரத்துக்காகப் பாரிஸிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போகக்கூடாது. தன் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று கருதி அந்தஸ்தையே எடுத்துவிடக்கூடும். அவருக்கு ஒஃப்ரா தரும் பத்திரமே பிறப்புச் சான்றிதழ். ஊர்ப் பத்திரங்களை மனைவியோ பெற்றோரோ எடுக்கலாம்.

யுத்த காலத்தில் பிறந்து பதியப்படாத பிள்ளையென்றால் காலங்கடந்த பதிவை முதலில் முடியுங்கள். அதில் தகப்பன் பெயர் ஒஃப்ராவுக்குச் சொன்னபடி இருக்கிறதா என்று, கையெழுத்து வைப்பதற்கு முன்பே வாசித்துப் பாருங்கள்.