வாழ்த்துங்க, ஆனா ஊகிச்சு வாழ்த்தாதீங்க



சீனப் புத்தாண்டு 2026 பெப்ரவரி 17ஆம் திகதி வந்தது. எங்களோடு படிப்பிக்கிற ஒரு மிஸ்ஸின் பாட்டனார் சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர். அன்று காலை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு ஒரு வாழ்த்துப் படம் வந்தது. படத்தில் பூரண நிலவும் மூன்கேக்கும். கீழே, "எங்கள் சீன விருந்தாளிக்கு, குங் ஹெய் ஃபாட் சோய்! குதிரை வருஷத்தில் பிறந்த உங்களுக்கு இது அதிர்ஷ்ட வருஷம்!"

"நிய்யத் நல்லதுதானே, இதில் என்ன குறை" என்று சிலர் கேட்டார்கள். நிய்யத் நல்லதுதான். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளன்று "ஹேப்பி ரமழான்" என்று வரும் வாழ்த்தைப் பார்த்து நாங்கள் எத்தனை தரம் சிரித்திருக்கிறோம்? சிரித்த நாங்களே அதைத்தான் இன்னொருவருக்குச் செய்கிறோம்.

முதலில் படம். சீனப் புத்தாண்டு அமாவாசையன்று பிறக்கிறது. எங்கள் நோன்பும் அதே வாரம் தொடங்கியது அதனால்தான்: அதே அமாவாசைக்குப் பிறகு வந்த தலைப்பிறைதான் எங்களுக்கு ரமழான் பிறை. பிறை பார்க்கிற சமூகம் நாங்கள். அமாவாசையில் பூரண நிலவு எங்கே வந்தது என்று எங்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? பூரண நிலவும் மூன்கேக்கும் எட்டாம் மாதத்துப் பௌர்ணமியில், செப்டெம்பர் ஒக்டோபர் பக்கம் வருகிற இலையுதிர்காலப் பண்டிகைக்கு உரியவை.

அடுத்து, "குங் ஹெய் ஃபாட் சோய்". அது கன்டனீஸ் மொழி, ஹொங்கொங் படங்களில் கேட்டுப் பழகினது. செல்வம் பெருகட்டும் என்பதுதான் பொருள், புத்தாண்டு வாழ்த்து என்பதல்ல. ஹூபெய்க்காரரின் வீட்டுப் பேச்சும் அதல்ல. புத்தாண்டு வாழ்த்து என்று மாண்டரின் மொழியில் நேராகச் சொல்வது "சின் நியென் க்வாய் லெ". ஆனால் இந்த மிஸ் வீட்டில் பேசுவது சிங்களம். "சுப அலுத் அவுருத்தக் வேவா" என்றாலே போதும்.

மூன்றாவது குதிரை. 2026 குதிரை வருஷம், உண்மை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வரும் என்பதால் 1990இல் பிறந்த மிஸ்ஸும் குதிரை என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்த வருஷம் குதிரை பிறந்ததே ஜனவரி 27இல். அதற்கு முன் பிறந்தவர் பாம்பு வருஷத்துக்காரர். கணக்குச் சரியென்றே வைப்போம். தான் பிறந்த மிருகத்தின் வருஷம் திரும்ப வந்தால் அதைக் கவனமாகக் கடக்க வேண்டிய வருஷமாகத்தான் சீன வழக்கம் பார்க்கிறது. சிவப்பு நிறத்தில் எதையாவது அணிந்துகொள்வது அதற்காகத்தான். அதிர்ஷ்டம் என்று நாங்கள் அனுப்பியது எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

எல்லாவற்றையும் விடக் குத்துகிற சொல் "விருந்தாளி". மிஸ் இங்கே பிறந்தவர். ஊர் ஊராகத் துணி மூட்டை சுமந்தும் பல் கட்டியும் பிழைத்த சீனக் குடும்பங்களின் வாரிசுகளில் பலர் குடியுரிமை இல்லாமலே இந்த நாட்டில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கான தனிச்சட்டம் 2008இல்தான் வந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, கடைசி மிச்சம் பேருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த தோட்டத்து மக்கள் நடுவில்தான் நாங்கள் படிப்பிக்கிறோம். "எப்ப இந்தியாவுக்குப் போறீங்க" என்ற கேள்வி இந்த லயங்களில் எப்படிச் சுடும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவரை விருந்தாளி என்றோம்.

அப்படியென்றால் என்ன எழுதலாம்? "மிஸ், உங்களுக்கும் வீட்டாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இந்த வருஷம் சுகமும் நிம்மதியும் கிடைக்கட்டும்." இவ்வளவுதான். கையில் ஏதாவது கொடுக்க ஆசையென்றால் மாண்டரின் தோடம்பழம் இரண்டு. சோடியாகக் கொடுப்பதுதான் மலேசியா, சிங்கப்பூர்ச் சீனர் வழக்கம். சிவப்புக் கவரில் காசு வேண்டாம். அது பெரியவர்களும் கலியாணம் முடித்தவர்களும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, கூட வேலை செய்பவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதல்ல. அன்றைக்கு மறந்துவிட்டால் கவலையும் வேண்டாம். பண்டிகை பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா வரை நீளும்.

இதற்கு மேல் தெரியவேண்டுமென்றால், "மிஸ், உங்க வீட்டில் எப்படிக் கொண்டாடுவீங்க" என்று இடைவேளையில் ஒரு பிளேன்டீயோடு கேளுங்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். சில வீடுகளில் ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். நாங்கள் கேட்டோம், படம் அனுப்பினவர்களும் கூட இருந்தார்கள். மிஸ் முதலில் சொன்னது, "எனக்கு இதுவரைக்கும் யாருமே இப்படிக் கேட்டதில்லை."

எங்கள் பெருநாளும் வரும். சரியான வாழ்த்தை எதிர்பார்க்கிற உரிமை எங்களுக்கு இருக்க வேண்டுமென்றால், முதலில் நாங்கள் கேட்டுப் பழகுவோம்.