கேபிளின் அந்தப் பக்கம் இருக்கும் கார்டு

மெல்லிய லேப்டாப் வைத்திருப்பவர்களிடம் இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. பையில் ஒரு கிலோ எடையோடு லேப்டாப்பைத் தூக்கிச் செல்லலாம், வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருக்கும் கிராபிக்ஸ் பெட்டியில் ஒரே ஒரு கேபிளைச் செருகினால் போதும், அது மேசைக்கணினிக்கு நிகராகிவிடும் என்கிறார்கள். தண்டர்போல்ட் 3, 4 இரண்டின் வேகமும் வினாடிக்கு 40 கிகாபிட், இழப்பு நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோதான், இரண்டு கணினி வாங்குவதைவிட இது மலிவு, லேப்டாப்பை மாற்றினாலும் பெட்டி கூடவே வரும் என்று காரணங்களும் அடுக்கப்படுகின்றன. தைப்பிங்கிலும் கமுந்திங்கிலும் கல்யாண வீடியோ எடுக்கும் நம் பிள்ளைகள் பலர் இதை நம்பிக் காசு சேர்க்கிறார்கள். சென்ற மாதம் அவர்களில் ஒருவர், "அண்ணே, அந்தப் பெட்டிய வாங்கிட்டா ரெண்டு கேமரா ஃபுட்டேஜும் திக்காம ஓடுமா?" என்று கேட்டார். ஓடாது என்றேன். ஏன் ஓடாது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 40 கிகாபிட். கேபிளில் எழுதியிருக்கும் அந்த எண் முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பதில்லை. அதில் ஒரு பங்கு திரைக்குப் படம் அனுப்புவதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்டர்போல்ட் 3 பெட்டியில் கார்டோடு பேசுவதற்கு நடைமுறையில் மிஞ்சுவது சுமார் 22 கிகாபிட். எட்டு பிட் சேர்ந்து ஒரு பைட் என்பதால் அது வினாடிக்கு 2.75 கிகாபைட் ஆகிறது. அளந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டரையை ஒட்டித்தான் நிற்கும். அதே கார்டை மேசைக்கணினியின் பதினாறு தடப் பொருத்தில் செருகினால் மூன்றாம் தலைமுறை பலகையில் 15 கிகாபைட்டுக்கு மேலும், நான்காம் தலைமுறையில் 31 கிகாபைட்டுக்கு மேலும் வழி கிடைக்கும். கார்டின் பலம் குறையவில்லை. அதற்குப் போகும் வழிதான் ஆறில் ஒரு பங்காகவோ பன்னிரண்டில் ஒரு பங்காகவோ சுருங்கிவிடுகிறது.

தண்டர்போல்ட் 4 லேப்டாப்பில் இது சரியாகிவிடும் என்பார்கள். லேப்டாப் புதிதாக இருந்தும் பெட்டிக்குள் இருக்கும் சில்லு பழைய தண்டர்போல்ட் 3 என்றால் பழைய வேகம்தான். ASM2464PD என்ற புதிய சில்லு உள்ள யூஎஸ்பி4 பெட்டிகளில் மூன்று கிகாபைட்டைத் தாண்டலாம். அது முன்னேற்றம்தான், ஆனால் பதினைந்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பழைய மெல்லிய லேப்டாப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெல் எக்ஸ்பிஎஸ் 13-இன் 9360 மாடலில் தண்டர்போல்ட் 3 துளை இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் நான்கு தடங்கள் இல்லை, இரண்டுதான். பெட்டியைச் செருகி GPU-Z மென்பொருளைத் திறந்தால் x4 என்றே காட்டும், ஏனென்றால் அது கார்டுக்கும் பெட்டியின் சில்லுக்கும் இடையிலான இணைப்பை மட்டுமே பார்க்கிறது. கேபிளைத் தாண்டி உண்மையில் எவ்வளவு போகிறது என்று தெரிய AIDA64-இல் உள்ள GPGPU சோதனையை ஓட்டி, நினைவகத்திலிருந்து கார்டுக்குப் போகும் வேகத்தைப் படிக்க வேண்டும்.

அடுத்தது, இழப்பு பத்துப் பதினைந்து சதவீதம்தான் என்ற வாதம். இதுதான் ஆளை அதிகம் ஏமாற்றுகிறது, ஏனென்றால் சில வேலைகளில் இது உண்மை. பிளெண்டரில் ஒரு காட்சியை ரெண்டர் செய்யும்போது மாடல்களும் டெக்ஸ்சர்களும் ஒரு முறை கார்டின் நினைவகத்துக்குப் போய்விடுகின்றன. அதன்பின் கார்டு தனியாகக் கணக்குப் போடுகிறது, கேபிள் சும்மா இருக்கிறது. அந்த வேலைக்கு இழப்பு மிகக் குறைவு. அந்தச் சதவீதத்தை எல்லா வேலைக்கும் நீட்டுவதுதான் தவறு. இழப்பைத் தீர்மானிப்பது கார்டல்ல, ஒவ்வொரு வினாடியும் கேபிளைக் கடக்கும் சுமை.

கல்யாண வீடியோவையே எடுத்துக் கணக்குப் போடுவோம். சோனி ஏ7 IV போன்ற கேமராவில் 4K, 10 பிட், 4:2:2, வினாடிக்கு 50 பிரேம் என்று வைத்து எச்.265 முறையில் பதிவு செய்தால் கோப்பின் வேகம் வினாடிக்கு 200 மெகாபிட், அதாவது 25 மெகாபைட். கேபிளுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தக் கோப்பை யாராவது அவிழ்த்துப் படமாக்க வேண்டும். என்விடியாவின் RTX 40 வரிசை வரை உள்ள கார்டுகளின் வீடியோ பகுதிக்கு 4:2:2 எச்.265-ஐ அவிழ்க்கத் தெரியாது. இன்டெலின் 11ஆம் தலைமுறை லேப்டாப் சில்லுக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கு அது தெரியும். ஆகவே பெட்டிக்குள் RTX 4060 இருந்தாலும் கோப்பை அவிழ்ப்பது லேப்டாப்தான். அவிழ்த்த படத்தைக் கலர் திருத்தத்துக்காகக் கார்டுக்கு அனுப்பும்போதுதான் கேபிள் திணறுகிறது.

ஒரு 4K பிரேமில் 3840 × 2160 புள்ளிகள். 10 பிட் 4:2:2 படத்தை நினைவகத்தில் வைத்தால் புள்ளிக்கு நான்கு பைட் பிடிக்கும். ஒரு பிரேம் 33 மெகாபைட். வினாடிக்கு 50 பிரேம் என்றால் சுமார் 1.66 கிகாபைட். கோப்பில் 25 மெகாபைட்டாகக் கிடந்தது, அவிழ்த்தபின் அறுபது மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. ஒரு கேமரா என்றால் இரண்டரை கிகாபைட் வழியில் தப்பித்துவிடும். தாலி கட்டும் இடத்தில் இரண்டு கோணங்களையும் ஒன்றாகத் திறந்து வைத்து வெட்டினால் 3.3 கிகாபைட் தேவை. அங்கே படம் திக்கித் திக்கி ஓடும். இன்னும் பெரிய கார்டு வாங்கிப் போட்டாலும் அதே இடத்தில் அப்படியே திக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு மாற்றம் வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். RTX 50 வரிசைக் கார்டுகள் 4:2:2-ஐத் தாமே அவிழ்க்கின்றன. அப்போது கேபிளைக் கடப்பது அந்த 25 மெகாபைட் மட்டுமே, மேலே சொன்ன நெரிசல் விலகிவிடும். ஆனால் முடிந்த படத்தை லேப்டாப்பின் சொந்தத் திரையில் பார்த்தால் அது மறுபடி அதே கேபிள் வழியாகத் திரும்பி வர வேண்டும். 2560 × 1600 திரையில் வினாடிக்கு 120 முறை என்றால் திரும்பும் படம் மட்டும் ஏறக்குறைய 2 கிகாபைட். விளையாட்டு ஆடுபவர்களுக்கு இழப்பு திடீரென்று கூடுவது இதனால்தான். பெட்டியோடு தனி மானிட்டரும் வேண்டும், அதைக் கார்டின் பின்னாலேயே செருக வேண்டும். பெட்டியைப் புகழ்பவர்கள் பெரும்பாலோர் அந்த மானிட்டரின் விலையைச் சேர்ப்பதில்லை.

விலைக்கு வருவோம். ரேசர் கோர் எக்ஸ் பெட்டி 2018-இல் 299 அமெரிக்க டாலருக்கு வந்தது. உள்ளே பவர் சப்ளை உண்டு, கார்டு கிடையாது. RTX 4060 கார்டு 2023-இல் அறிமுகமானபோது அதன் விலையும் 299 டாலர். காலிப் பெட்டிக்கும் அதற்குள் வைக்கும் கார்டுக்கும் ஒரே விலை. ரிங்கிட்டில் பார்த்தால் அன்றைய மாற்று விகிதத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு அல்லது அதற்கு மேல். அந்தப் பெட்டியின் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் பிராசஸர், மதர்போர்டு, ரேம், பவர் சப்ளை, கேஸ் என்று சாதாரண மேசைக்கணினி ஒன்றையே கட்டிவிடலாம். கார்டு அதில் தன் முழு வழியோடு உட்காரும். மெல்லிய லேப்டாப்பின் 15 வாட் பிராசஸர் சூடேறி வேகத்தைக் குறைப்பது போன்ற தொல்லையும் அங்கே இல்லை. அந்தப் பிராசஸரின் குறையைப் பெட்டியால் தீர்க்க முடியாது. பவர் சப்ளை இல்லாத திறந்த பலகைகள் இணையத்தில் மலிவாகக் கிடைப்பது உண்மை. ஆனால் பவர் சப்ளை, சரியான தண்டர்போல்ட் கேபிள், தூசி மறைக்க ஒரு கூடு எல்லாம் சேர்ந்தபின் அந்த மலிவு பெரிதாக மிஞ்சாது. கேபிளிலும் கவனம் வேண்டும். சாதாரண இரண்டு மீட்டர் தண்டர்போல்ட் 3 கேபிள் 20 கிகாபிட்டுக்கு இறங்கிவிடும், முழு வேகம் வேண்டுமானால் குட்டைக் கேபிளோ ஆக்டிவ் கேபிளோதான்.

லேப்டாப் மாறினாலும் பெட்டி கூடவே வரும் என்ற வாதத்துக்கு ஆப்பிளின் கதையே பதில். 2018 மார்ச்சில் மேக்ஓஎஸ் 10.13.4 வந்தபோது வெளிப்புற கிராபிக்ஸுக்கு முறையான ஆதரவு கிடைத்தது. அதே ஆண்டு பிளாக்மேஜிக் நிறுவனம் கார்டை மாற்ற முடியாத பெட்டி ஒன்றை 699 டாலருக்கு விற்றது. 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்தது. அதிலிருந்து ஆப்பிளின் புதிய சில்லுகள் உள்ள மேக்குகளில் அந்தப் பெட்டிகளுக்கு ஆதரவே இல்லை. மூன்று வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. விண்டோஸ் பக்கத்தில் அவ்வளவு மோசமில்லை என்றாலும், யூஎஸ்பி4 என்று எழுதியிருக்கும் எல்லாத் துளையும் கார்டை ஏற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்த வசதியைத் தருவதும் விடுவதும் லேப்டாப் செய்பவரின் விருப்பம்.

தைப்பிங்கில் வாழ்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, வெளியூர்க்காரர்கள் இதை யோசிக்க மாட்டார்கள். இது மழை ஊர், பிற்பகலில் இடி இறங்கினால் வீட்டு மெயின் ட்ரிப் ஆவது நமக்குப் புதிதல்ல. லேப்டாப் மட்டும் இருந்தால் பேட்டரியில் வேலை தொடரும். பெட்டி பேட்டரியில் ஓடாது. கரண்ட் போன அந்த நொடியில் கார்டு கணினியிலிருந்து மறைந்துவிடும். எடிட்டிங் மென்பொருள் அப்படியே மூடிக்கொள்ளலாம், பாதியில் நின்ற எக்ஸ்போர்ட் கெட்டுப்போகலாம். பெட்டி வைத்திருப்பவர் யூபிஎஸ்ஸும் வைத்திருக்க வேண்டும், இடி கேட்டதும் பிளக்கைக் கழற்றவும் வேண்டும். மேசைக்கணினிக்கும் இது பொருந்தும். ஆனால் மெல்லிய லேப்டாப்பின் ஒரு பெரிய பலம் பேட்டரி, பெட்டியைச் செருகியதும் அது கைவிட்டுப் போகிறது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன வழிக்குக் காசு எதுவும் வேண்டாம். டாவின்சி ரிசால்வில் இரண்டு கேமராக் கோப்புகளுக்கும் 1080 அளவில் பிராக்சி தயாரித்து இரவில் ஓடவிடச் சொன்னேன். புள்ளிகள் கால்பங்காகிவிடுவதால் வெட்டும் வேலை லேப்டாப்பிலேயே ஓடும். எக்ஸ்போர்ட்டின்போது மென்பொருள் மூலக் கோப்புக்குத் திரும்பிவிடும், தரத்தில் குறை வராது. எக்ஸ்போர்ட் மட்டும் மெதுவாகவே நடக்கும், அதைத் தூங்கும் நேரத்துக்குத் தள்ளலாம். பிளெண்டரில் ஈடுபட்டிருப்பவர், கையில் ஏற்கெனவே நல்ல கார்டும் மானிட்டரும் இருப்பவர், இரண்டாம் கையில் மலிவாகப் பெட்டி கிடைத்தவர் ஆகியோரை நான் தடுக்கமாட்டேன். அவர்கள் வேலைக்குக் கேபிளின் அந்தக் குறுகிய வழி போதும்.

மற்றவர்கள் காசு கொடுப்பதற்கு முன் இப்படிச் சோதிக்கலாம். பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் உங்கள் லேப்டாப்பையும் சொந்தக் கோப்புகளையும் கொண்டுபோய், வழக்கமாகத் திக்கும் இடத்தை ஓட்டுங்கள். டாஸ்க் மேனேஜரில் கார்டின் பக்கத்தைத் திறந்தால் `3D`, `Copy`, `Video Decode` என்று தனித்தனி வரைபடங்கள் தெரியும், ஒரு வரைபடத்தின் தலைப்பைச் சொடுக்கினால் `Cuda` இருந்தால் அதையும் தேர்ந்தெடுக்கலாம். `3D` அல்லது `Cuda` உச்சியில் நின்றால் வேலை உண்மையிலேயே கார்டுக்குள் நடக்கிறது, பெட்டிக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. `Copy` மேலேயும் `3D`, `Cuda` இரண்டும் கீழேயும் இருந்தால் கேபிள் அடைத்திருக்கிறது. கார்டில் எல்லாமே தாழ்ந்து கிடந்து, லேப்டாப்பின் பிராசஸர் மட்டும் நூறில் நின்றால், எந்தப் பெட்டியும் எந்தக் கார்டும் அந்தத் திக்கலை நிறுத்தாது.