ஆன்லைனில் விற்கிறீர்களா? ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது ‘ரிட்டர்ன்’!

‘கமிஷன் 12 சதவீதம்தானே’ என்று நம்பி ஆன்லைன் சந்தையில் கடை போடுகிறார்கள் சிறு வியாபாரிகள். ஆனால், கையைக் கடிப்பது பெரும்பாலும் ரிட்டர்ன்தான்.

கட்டணம் எவ்வளவு?
உதாரணத்துக்கு, 500 ரூபாய்க்கு ஒரு போர்வை விற்கிறீர்கள். கமிஷன் 60, நிலையான கட்டணம் 15, கூரியர் 65 என்றால் மொத்தம் 140 ரூபாய். அதற்கு 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 165. கைக்கு வருவது சுமார் 335. அடக்கவிலை 275 என்றால் லாபம் 60 ரூபாய்தான்.

ரிட்டர்ன் வந்தால்?
மற்ற கட்டணங்களைத் திருப்பித் தந்தாலும், போக வர கூரியர் செலவு உங்கள் தலையில் விழுந்தால், வரியோடு 153 ரூபாய் போச்சு. இரண்டரை போர்வை விற்ற லாபம் காலி! வாடிக்கையாளர் திருப்பினால் என்ன கட்டணம், டெலிவரி ஆகாமலே திரும்பினால் என்ன கட்டணம் என்று தனித்தனியாகப் பாருங்கள். பொருள் மாறியோ கிழிந்தோ வந்தால் இழப்பீடு கேட்கச் சில நாள்தான் அவகாசம். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

அபராதம் எப்போது?
ஆர்டரை நீங்களே ரத்து செய்தால், தாமதமாக அனுப்பினால், எடையைக் குறைத்துக் காட்டினால் பிடித்தம் உண்டு. ஸ்டாக் தீர்ந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

கணக்கை முடக்கினால்?
ரத்து அதிகமானாலோ, போலிப் பொருள் என்று புகார் வந்தாலோ கணக்கு முடங்கலாம். வரவேண்டிய பணமும் நிற்கும். அவசரப்பட்டு வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். வங்கிக் கணக்கு, பான் எண்ணை வைத்து அதையும் முடக்கிவிடுவார்கள். கொள்முதல் பில்லோடு மேல்முறையீடு செய்வதே வழி. அதனால் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.