பழைய எக்செல் பட்டியலும் ஒரு பேரிங்கும்

நான் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், எங்கள் பம்ப் தொழிற்சாலையில் ஈஆர்பி போட்டார்கள். மென்பொருள் போட வந்த பையன்கள், "சார், உங்க எக்செல் ஃபைலைக் கொடுங்க, அப்படியே ஏத்திடறோம்" என்றார்கள். அப்படியே ஏற்றக் கூடாது என்பதுதான் அன்றும் இன்றும் என் கட்சி. சுத்தம் செய்வது சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தவன் செய்ய வேண்டிய வேலை.

ஏன் என்று சொல்கிறேன். பட்டியலில் "6205 ZZ" 14, "6205-2Z" 9, "பேரிங் 6205 zz" 6 என்று மூன்று வரிகள் இருந்தன. மூன்று பேர் மூன்று காலத்தில் எழுதியவை. பையன்கள் ஒரு சூத்திரம் போட்டார்கள்:

```
=UPPER(TRIM(SUBSTITUTE(B2,"-"," ")))
```

இது கோடு, தேவையற்ற இடைவெளி, சிறிய எழுத்து எல்லாவற்றையும் ஒழுங்காக்கும். நல்லதுதான். ஆனால் ZZ-யும் 2Z-யும் ஒன்றே, இருபுறமும் தகடு மூடிய பேரிங், கம்பெனிக்குக் கம்பெனி குறி வேறு என்பது அதற்குத் தெரியாது. பக்கத்திலேயே "6205 2RS" 8 இருந்தது. அது ரப்பர் சீல் வைத்தது, சேர்க்கக் கூடாது. ஆக முதல் மூன்றும் ஒரே புதிய குறியீட்டில் 29 ஆயின, 2RS தனியாக நின்றது.

இதற்காக ஒரு தனித் தாள் வைத்தேன். பழைய பெயர், பழைய எண், புதிய எண், அலகு, முடிவு செய்தவர் கையெழுத்து. பழைய வரி எதையும் அழிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து யாராவது பழைய பில்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் அல்லவா?

அலகுதான் பெரிய தொல்லை. M10 போல்ட் எதிரே வெறும் "42" என்று இருந்தது. வாங்குவது கிலோவில், ஷாப்புக்குக் கொடுப்பது எண்ணிக்கையில். எது 42? பெட்டியைத் தராசில் வைத்தேன், 42 கிலோ. பிறகு 100 போல்ட்டை எண்ணி நிறுத்தேன், மூன்றரைக் கிலோ. அப்படியென்றால் 1,200 போல்ட். 42 எண்ணிக்கை என்று ஏற்றியிருந்தால், மறுநாளே சிஸ்டம் "இருப்பு குறைவு, வாங்கு" என்று சொல்லியிருக்கும். அலகு காலியாக இருந்த வரிகளை எல்லாம் வடிகட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் ரேக்கில் போய்ப் பார்த்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீட்டில் திட்டு.

பொருள் எண் 00417 என்பது 417 ஆகிவிடும் வியாதியும் உண்டு. எக்செல் அதை எண்ணாக நினைத்து முன் பூஜ்யங்களைத் தின்றுவிடும். அந்தப் பத்தியை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டுத்தான் எண்களை மறுபடி ஒட்ட வேண்டும். தின்று முடித்த பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் பூஜ்யம் திரும்பி வராது.

கடைசியாக, அளவு பெருக்கல் விலை, மொத்தத் தொகை. அலகு மாற்றினால் விலையையும் கிலோவிலிருந்து ஒரு போல்ட்டுக்கு மாற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்தத் தொகை ஒன்றாக இருக்க வேண்டும், கணக்குப் பிரிவு லெட்ஜரோடும் ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு முதல் தடவை ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்தால், எக்செலில் கீழே இருந்த "மொத்தம்" வரியையும் ஒரு பொருள் என்று நினைத்து ஏற்றியிருந்தார்கள்.